அப்பாவின் சிம்மில் இருக்கும் பழைய மெசேஜ்களை எப்படிக் காப்பி எடுப்பது?

கேள்வி: “அப்பா தவறி மூன்று வருடம் ஆகிறது. அவருடைய பட்டன் போன் இன்னும் ஆன் ஆகிறது. சிம்மில் 20க்கு 17 மெசேஜ் என்று காட்டுகிறது. நான் ஹாஸ்டலில் இருந்தபோது தமிழில் அனுப்பியவை எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. நம்பர் எப்போதோ கட் ஆகிவிட்டது. அவருடைய பதில்களும் தேதியோடு வேண்டும். கடையில் கொடுக்கப் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?”

பதில்: நம்பர் கட் ஆனதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கம்பெனி நிறுத்தியது இணைப்பைத்தான். மெசேஜ் இருப்பது உங்கள் கையில் உள்ள அட்டையின் சிப்பில். அதைப் படிக்க டவரும் தேவையில்லை, ரீசார்ஜும் தேவையில்லை. கட்டம் கட்டமாகத் தெரிவதும் மெசேஜ் கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை. அந்தப் போனில் தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். நீங்கள் அனுப்பிய எழுத்துகள் சிம்முக்குள் அப்படியே இருக்கும். அப்பாவின் பதில்களில் தேதி கிடைப்பதுதான் சிக்கல். அதற்குக் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

மேலே படிப்பதற்கு முன் மூன்று விஷயம். போனில் மெசேஜைத் திறந்து ஆப்ஷனுக்குப் போனால் Copy என்றும் Move என்றும் இரண்டு இருக்கலாம். Move பக்கமே போகாதீர்கள். அது போன் மெமரிக்கு மாற்றிவிட்டு சிம்மில் உள்ளதை அழித்துவிடும். இரண்டாவது, அதே நம்பரைத் திரும்ப வாங்க முடியுமா என்று கேட்டுக்கொண்டு பழைய சிம்மைக் கம்பெனி கடையில் கொடுத்துவிடாதீர்கள். புது சிம்மில் பழைய மெசேஜ் ஒன்றுகூட வராது. மூன்றாவது, புதிய போனில் போடுவதற்காகச் சிம்மை வெட்டாதீர்கள். பழைய பெரிய சிம்மை நானோ அளவுக்கு வெட்டும்போது கத்தி சிப்பின் ஓரத்தில் பட்டால் அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. நான் பதினெட்டு வருடமாக மொபைல் சர்வீஸ் செய்கிறேன். கைக்கு வந்த சிம்களில் மெசேஜ் போனதற்கு இந்த மூன்றும்தான் பெரும்பாலும் காரணம்.

சிம்முக்குள் மெசேஜ் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றது எளிது. மெசேஜ் வைப்பதற்கென்றே அதில் ஒரு கோப்பு உண்டு. அது வரிசையாக அடுக்கிய சின்னப் பெட்டிகள் மாதிரி. உங்கள் சிம்மில் 20 பெட்டி. வேறு சிம்களில் 10, 30, 50 என்று இருக்கும். எல்லாச் சிம்மிலும் ஒவ்வொரு பெட்டியும் சரியாக 176 பைட். முதல் பைட் நிலையைச் சொல்லும்: காலி, படித்தது, படிக்காதது, அனுப்பியது. மீதி 175 பைட்டில் மெசேஜ் சென்டரின் நம்பர், அனுப்பியவரின் நம்பர், நேரம், செய்தி எல்லாம் அடங்கும். ஒரு பெட்டியில் செய்திக்கு மட்டும் அதிகபட்சம் 140 பைட். ஆங்கில எழுத்தானால் அதில் 160 பிடிக்கும். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட் வேண்டும் என்பதால் 70தான் பிடிக்கும். ‘அம்மா’ என்ற சொல்லைக் கண்ணால் பார்த்தால் மூன்று எழுத்து. சிம் கணக்கில் அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து.

முதல் வேலை, எல்லாம் உண்மையிலேயே சிம்மில்தான் இருக்கிறதா என்று உறுதி செய்வது. இன்பாக்ஸில் தெரிவதெல்லாம் சிம்மில் இருப்பதாக அர்த்தமில்லை. பல பட்டன் போன்கள் சிம்மில் உள்ளதையும் போன் மெமரியில் உள்ளதையும் ஒரே பட்டியலில் கலந்து காட்டும். சில மாடல்களில் மெசேஜுக்குப் பக்கத்தில் சின்னதாகச் சிம் படம் இருக்கும். சந்தேகமாக இருந்தால் போனை அணைத்துவிட்டுச் சிம்மைக் கழற்றி இன்னொரு பட்டன் போனில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் தெரிபவை சிம்மில் இருப்பவை. தெரியாதவை அப்பாவின் போனுக்குள் மட்டுமே இருப்பவை. அவற்றை அந்தப் போனை வைத்துத்தான் எடுக்க வேண்டும். 17 என்ற எண்ணிக்கை சரியாக வருகிறதா என்று இப்போதே எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் சரிபார்க்க அது உதவும்.

அடுத்து, எந்தக் கருவியையும் தொடுவதற்கு முன் படம் எடுங்கள். மேசையில் போனைக் கிடையாக வைத்து, பளபளப்பு விழாத வெளிச்சத்தில், ஒவ்வொரு மெசேஜையும் திறந்து திரையைப் படம் பிடியுங்கள். பிறகு அதே மெசேஜின் ஆப்ஷனில் Details அல்லது Message details என்று இருப்பதைத் திறந்து அதையும் ஒரு படம். அங்கேதான் நம்பர், தேதி, நேரம் மூன்றும் முழுதாகத் தெரியும். கட்டமாகத் தெரியும் மெசேஜுக்கும் விடாமல் எடுங்கள். செய்தி புரியாவிட்டாலும் தேதி கிடைக்குமே. 17 மெசேஜுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. அப்புறம் என்ன நடந்தாலும் ஆங்கில எழுத்தில் உள்ளவை உங்களிடம் பத்திரமாக இருக்கும்.

இனி கட்டங்கள். இதற்கு எளிய வழி, பெரிய சிம் போடும் இடம் உள்ள பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்று. தமிழைச் சரியாகக் காட்டும் போனாக இருந்தால் போதும். டவர் எடுக்காவிட்டாலும் பரவாயில்லை. மெசேஜ் ஆப்பின் செட்டிங்ஸுக்குள் Manage SIM card messages, SIM card messages என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். அதைத் திறந்தால் சிம்மில் உள்ளவை நேரடியாகத் தெரியும், கட்டங்கள் தமிழாக மாறியிருக்கும். அங்கேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். Copy to phone கொடுப்பதும் சரிதான், ஆனால் சிம்மில் இருந்து போனுக்குப் போகும்போது தேதியைச் சில போன்கள் சரியாகக் கொண்டுபோவதில்லை. அதனால் ஸ்கிரீன்ஷாட் முதலில், காப்பி பிறகு. எல்லா மெசேஜ் ஆப்பிலும் இந்த வரி இருக்காது. ஐபோனில் சிம் மெசேஜைப் பார்க்கும் வசதியே கிடையாது.

அப்படி ஒரு போன் கிடைக்கவில்லை என்றாலோ, ஒரு பைட்கூட விடாமல் வேண்டும் என்றாலோ, நான் செய்யும் வழியைச் சொல்கிறேன். முன்பு இன்டர்நெட்டுக்காகக் கம்ப்யூட்டரில் சொருகுவோமே, அந்த யூஎஸ்பி டாங்கிள் போதும். பழைய பொருள் விற்கும் கடைகளில் இன்னும் கிடைக்கிறது. பெரும்பாலான டாங்கிளில் பெரிய சிம்தான் போகும், எனவே வெட்ட வேண்டியதில்லை. ஒரே கம்பெனிக்கு என்று லாக் செய்யப்பட்ட டாங்கிள் வேறு சிம்மை மறுக்கலாம், அன்லாக் ஆனதாகப் பார்த்து வாங்குங்கள். சொருகியதும் அதோடு வரும் மென்பொருள் தானாகத் திறந்தால் மூடிவிடுங்கள். அது திறந்திருந்தால் போர்ட்டைப் பிடித்துக்கொள்ளும். விண்டோஸில் Device Manager போய் மோடத்தின் COM எண்ணைப் பார்த்து, PuTTY மென்பொருளில் Serial தேர்ந்தெடுத்து அந்த எண்ணைக் கொடுத்தால் கறுப்புத் திரை வரும். PuTTYயின் Logging பகுதியில் கோப்பில் பதியும்படி முன்பே வைத்துவிடுங்கள். திரையில் ஓடுவதெல்லாம் தானாகச் சேமிக்கப்படும். பிறகு இந்த வரிகளை ஒவ்வொன்றாக அடித்து எண்டர் தட்டுங்கள்.

```
AT+CFUN=4
AT+CPIN?
AT+CPMS="SM"
AT+CMGF=0
AT+CMGL=4
```

முதல் வரி டவர் தேடுவதை நிறுத்துகிறது. உங்கள் நம்பர் கட் ஆனதால் அது உங்களுக்கு அவசியமில்லை, ஆனால் உயிரோடு இருக்கும் சிம் என்றால் காத்திருக்கும் புது மெசேஜ் உள்ளே வந்து காலிப் பெட்டியில் உட்கார்ந்துவிடும். சில டாங்கிளில் இந்த வரிக்குப் பிறகு சிம்மையே படிக்காது, அப்படியானால் கழற்றிச் சொருகிவிட்டு இதை விட்டுவிட்டுத் தொடங்குங்கள். இரண்டாவது வரிக்கு READY என்று பதில் வந்தால் சிம் லாக் இல்லை. மூன்றாவது, போன் மெமரி வேண்டாம், சிம்மைப் பார் என்று சொல்கிறது. அதற்கு வரும் பதிலில் 17,20 என்ற எண்கள் இருக்க வேண்டும். நீங்கள் எண்ணிய 17ம் இதுவும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நான்காவது, மெசேஜை மோடம் மொழிபெயர்க்காமல் உள்ளது உள்ளபடி எண்களாகக் கொடுக்கச் சொல்வது. ஐந்தாவது, எல்லாவற்றையும் பட்டியலிடு என்பது. இவற்றில் எதுவும் மெசேஜை அழிக்காது. படிக்காத மெசேஜ் இருந்தால் படித்ததாக மாறும், அவ்வளவுதான். AT+CMGD என்று தொடங்கும் வரியை மட்டும் எக்காரணம் கொண்டும் அடிக்காதீர்கள், அது அழிக்கும் கட்டளை.

இப்போது திரையில் நீளநீளமாக எண்ணும் எழுத்தும் கலந்த வரிகள் வரும். பயப்பட வேண்டாம், இரண்டு இடங்களைப் படிக்கத் தெரிந்தால் போதும். வந்த மெசேஜில் செய்திக்குச் சற்று முன்னால் 14 இலக்கத்தில் நேரம் இருக்கும். உதாரணத்துக்கு 41104102510322 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியையும் திருப்பிப் படிக்க வேண்டும். 41 என்பது 14, அதாவது 2014. 10 என்பது 01, ஜனவரி. அடுத்த 41 தேதி 14. 02 என்பது 20, 51 என்பது 15, 03 என்பது 30. பொங்கலன்று இரவு 8 மணி 15 நிமிடம் 30 வினாடி. கடைசி 22 நேர மண்டலம், கால் மணிக் கணக்கில். 22 கால் மணி என்றால் ஐந்தரை மணி, அது இந்திய நேரம். வரியில் இந்த 22 எங்கே என்று தேடினாலே நேரம் எங்கே முடிகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். இந்த நேரத்தைப் போட்டது அப்பாவின் போன் அல்ல, கம்பெனியின் மெசேஜ் சென்டர். பேட்டரியைக் கழற்றி மாட்டியதில் போன் கடிகாரம் எந்த வருடத்துக்குப் போயிருந்தாலும் இது மாறாது.

அந்த 22க்குப் பிறகு வரும் இரண்டு இலக்கம் நீளம். அதற்குப் பிறகு செய்தி. தமிழாக இருந்தால் நான்கு இலக்கத்துக்கு ஒருமுறை 0B, 0B என்று வந்துகொண்டே இருக்கும், பார்த்த உடனே தெரிந்துவிடும். சொற்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி 0020. அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, பைத்தான் உள்ள கம்ப்யூட்டரில் இப்படிக் கொடுங்கள்.

```
python3 -c "print(bytes.fromhex('0B9A0BBE0BAA0BCD0BAA0BBF0B9F0BCD0B9F0BBE0BAF0BBE').decode('utf-16-be'))"
```

இதற்கு ‘சாப்பிட்டாயா’ என்று பதில் வரும். மேலே உள்ள எண்ணை எடுத்துவிட்டு உங்கள் வரியில் உள்ளதைப் போட்டுக்கொண்டே போகலாம். விண்டோஸில் python3 என்பதற்குப் பதில் py என்று அடிக்க வேண்டியிருக்கும். ஆங்கில எழுத்தில் உள்ள மெசேஜ்கள் ஏழு பிட்டாக நெருக்கி அடைக்கப்பட்டிருப்பதால் இந்த வழியில் வராது. அவற்றைத்தான் நீங்கள் படம் எடுத்தாயிற்றே.

தமிழில் நீளமாக அனுப்பியிருந்தால் ஒன்று கவனியுங்கள். 70ஐத் தாண்டிய செய்தி துண்டாகிவிடும், துண்டு ஒவ்வொன்றிலும் 67தான் பிடிக்கும், ஒவ்வொரு துண்டும் சிம்மில் தனிப் பெட்டி எடுத்துக்கொள்ளும். அதனால் உங்கள் 17 என்பது 17 பெட்டி. கடிதம் மாதிரி அனுப்பிய ஒரே செய்தி மூன்று நான்கைப் பிடித்திருக்கலாம். துண்டு என்றால் செய்தியின் தொடக்கத்தில் 050003 என்று இருக்கும். அதற்குப் பின்னால் மூன்று ஜோடி. 050003A20302 என்றால் A2 என்ற அடையாளமுள்ள செய்தி, மொத்தம் 3 துண்டு, இது 2ஆவது. இந்தப் பன்னிரண்டு இலக்கத்தை நீக்கிவிட்டு மீதியை மாற்றி, ஒரே நம்பரில் இருந்து ஒரே அடையாளத்தோடு வந்தவற்றை வரிசையாக ஒட்டுங்கள்.

துண்டு ஒன்று குறைந்தால்? இரண்டு இடம் தேடிப் பார்க்கலாம். ஒன்று போன் மெமரி. சிம் நிறைந்தபோது மீதியைப் போன் தன்னிடம் வைத்திருக்கக்கூடும். இரண்டாவது அழிக்கப்பட்ட பெட்டி. அங்கேயும் இல்லை என்றால் அந்தத் துண்டு அழிக்கப்பட்டு அதன் மேல் வேறு ஏதாவது எழுதப்பட்டிருக்கலாம், அல்லது சிம்முக்கு வந்தே சேராமல் இருந்திருக்கலாம். இன்பாக்ஸ் நிறைந்திருந்தால் உறை படம் மினுக்கிக்கொண்டே இருக்குமே, அப்போது மிச்சம் கம்பெனியிடம் சில காலம் காத்திருந்து காலாவதியாகிவிடும்.

நெசவுத் தொழில் செய்த ஒரு பெரியவர் ஒரு தடவை கடைக்கு வந்தார். மகன் வெளிநாட்டில் இருந்து அனுப்பிய மெசேஜ் அவர் போனில் கட்டமாகவே ஏழு வருடம் இருந்திருக்கிறது. பையன் என்னவோ அனுப்பியிருக்கிறான் என்று அழிக்காமல் வைத்திருந்தார். டாங்கிளில் போட்டுப் படித்தேன். மூன்று துண்டில் 1ம் 3ம் இருந்தன, 2 இல்லை. ‘அப்பா, இந்த மாதம் பணம்’ என்று தொடங்கி, ‘கண் ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீர்கள்’ என்று முடிந்தது. நடுவில் என்ன என்று அவரே மகனுக்குப் போன் போட்டுக் கேட்டார். அவனுக்கும் ஞாபகம் இல்லை. இருந்த இரண்டையும் பெரிய எழுத்தில் பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சரி, அப்பாவின் பதில்கள். முதலில் ஒன்று: பல போன்கள் அனுப்பிய மெசேஜைச் சேமிக்கவே சேமிக்காது, அல்லது போன் மெமரியில் வைக்கும். எனவே Sent பகுதியையும் படம் எடுங்கள். சிம்மில் அவை இருந்தால், டாங்கிள் பட்டியலில் பெட்டி எண்ணுக்கு அடுத்த இலக்கம் 3 என்று காட்டும். வந்து படித்தது 1, படிக்காதது 0, எழுதி அனுப்பாமல் விட்டது 2. அந்த 2ஐயும் தவறாமல் பாருங்கள், சில நேரம் பாதி எழுதிய மெசேஜ் அதில் கிடக்கும். ஆனால் 3ம் 2ம் உள்ளவற்றில் நேரம் இருக்காது. காரணம் எளிது. நேரம் போடுவது மெசேஜ் சென்டர் என்றேன் அல்லவா? அனுப்பும் மெசேஜ் நேரம் இல்லாமல்தான் கிளம்புகிறது, சென்டர் போடும் முத்திரை பெறுபவரின் பிரதிக்குத்தான் போகும். அப்பா உங்களுக்கு அனுப்பியவற்றின் தேதி இருக்கக்கூடிய இடம் நீங்கள் அப்போது வைத்திருந்த போனோ அதன் பேக்கப்போதான். அதைத் தேடிப் பாருங்கள்.

பெட்டி எண் வரிசையை வைத்துத் தேதியை ஊகிக்கலாமா என்று பலர் கேட்பார்கள். கூடாது. பழைய மெசேஜ் ஒன்றை அழித்தால் அந்தக் காலிப் பெட்டியில் புதியது வந்து உட்காரும். 3ஆவது பெட்டியில் உள்ளது 16ஆவதை விடப் பிந்தியதாக இருப்பது சாதாரணம். வந்தவற்றை அவற்றின் நேரத்தைக் கொண்டு அடுக்குங்கள். பதில்களை உள்ளடக்கத்தைப் பார்த்து இது இதற்குத்தான் என்று சேர்க்கலாம், ஆனால் அதன் பக்கத்தில் ‘ஊகம்’ என்று எழுதி வையுங்கள். பத்து வருடம் கழித்து உங்களுக்கே எது உறுதி, எது ஊகம் என்று தெரியாமல் போய்விடும்.

மீதி மூன்று காலிப் பெட்டிகளைப் பற்றி. பல பழைய போன்கள் அழிக்கும்போது முதல் பைட்டை மட்டும் ‘காலி’ என்று மாற்றிவிட்டு மீதியை அப்படியே விட்டுவிடும். அந்த மாதிரி போனாக இருந்தால் அழித்தவையும் கிடைக்கும். வேறு சில போன்கள் முழுப் பெட்டியையும் FF என்று நிரப்பிவிடும், அப்போது கிடைக்காது. உங்கள் போன் எந்த ரகம் என்று படித்துப் பார்த்தால்தான் தெரியும். டாங்கிள் வழியில் காலிப் பெட்டி தெரியாது. கம்ப்யூட்டரில் சொருகும் ஸ்மார்ட் கார்டு ரீடர் வேண்டும், சிம்மை வைக்க முழு அட்டை அளவு அடாப்டர் வேண்டும். pySim என்ற இலவச மென்பொருளில் pySim-shell திறந்து, கீழே உள்ளதைக் கொடுத்தால் காலி என்று குறித்தவை உட்பட எல்லாப் பெட்டியும் வரும்.

```
select MF
select DF.TELECOM
select EF.SMS
read_records
```

00 என்று தொடங்கி அதற்குப் பின்னால் FF அல்லாத எண்கள் தொடர்ந்தால் அது அழிக்கப்பட்ட மெசேஜின் மிச்சம். மேலே சொன்னபடியே படிக்கலாம்.

சிம் PIN கேட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். மூன்று தடவை தவறினால் PUK கேட்கும், PUK பத்து தடவை தவறினால் அட்டை நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். PIN தெரியாமல் மெசேஜை எடுத்துத் தருகிறேன் என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் நம்பாதீர்கள், எங்களிடம் அப்படி ஒரு வழி இல்லை. சிம் வாங்கியபோது வந்த பிளாஸ்டிக் அட்டையை அப்பா எங்காவது வைத்திருந்தால் அதில் PUK அச்சிட்டிருக்கலாம், பீரோவில் தேடிப் பாருங்கள். உங்கள் போனில் மெசேஜ் எண்ணிக்கை தெரிகிறது என்பதால் PIN பூட்டு இல்லாமலே இருக்க வாய்ப்பு அதிகம். சிம்மையே காணோம் என்று காட்டினால் பதறாமல், தங்க நிறப் பட்டைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெதுவாகத் துடைத்து, காயவிட்டுத் திரும்பப் போடுங்கள். பாதிக்கு மேல் அதிலேயே சரியாகிவிடும்.

கடைக்குப் போகத்தான் வேண்டும் என்றால் போனைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, டாங்கிளில் படிக்கிறீர்களா, கார்டு ரீடரில் படிக்கிறீர்களா என்று கேளுங்கள். ‘போனில் போட்டு மாற்றித் தருகிறேன்’ என்றால் சிம்மை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். வேலை முடிந்ததும் தமிழாக மாற்றிய செய்தியோடு PuTTY பதிந்த அந்த மூலக் கோப்பையும் சேர்த்து இரண்டு இடத்தில் வையுங்கள். மாற்றும்போது எங்காவது ஒரு இலக்கம் விட்டுப்போயிருந்தால் அதை வைத்துத்தான் திரும்பப் பார்க்க முடியும். எந்த வரியாவது தமிழாக மாறாமல் அடம்பிடித்தால், நம்பர் இருக்கும் பகுதியை மறைத்துவிட்டு இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.